மாடலின் யோசனையைக் காட்டுவதா, மறைப்பதா? ஒரு ரப்பர் பால் கணக்கு

குலசேகரத்துக்குப் பக்கத்தில் என் மாமாவுக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர் இருக்கிறது. முன்பெல்லாம் பாலை உறைய வைத்து ஷீட் அடித்துப் புகைப்புரையில் காயப்போடுவார். இப்போது அதற்கு ஆள் கிடைப்பதில்லை. வெட்டி எடுத்த பாலை அப்படியே கடையில் ஊற்றிவிட்டு ரசீதோடு திரும்பிவிடுகிறார். போன மார்கழியில் ஒரு நாள் சாயங்காலம் அந்த ரசீதையும் போனையும் என் முன்னால் வைத்தார்.

"மக்கா, இதக் கொஞ்சம் பாரு. கடையில 2,872 ரூவா 80 பைசா போட்டுத் தந்திருக்காரு. போன்ல கணக்குப் போட்டா 2,394தான் வருது. கூடுதலாட்டு தந்துட்டாரோ? நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும்லா?"

அவர் போனில் ஒரு ஏஐ செயலி இருந்தது. 42 கிலோ பால், கிலோவுக்கு 190 ரூபாய், எவ்வளவு வரும் என்று தமிழில் தட்டியிருந்தார். விடையாக ஒரே ஒரு தொகை. எப்படி வந்தது என்று ஒரு வரிகூட இல்லை. விடைக்கு மேலே சாம்பல் நிறத்தில், சிந்தனையைக் காட்டு என்று சின்னதாக ஒரு சுட்டி மட்டும் மடிந்து கிடந்தது. மாமா அதைத் தொட்டதே இல்லை.

நான் தொட்டேன். முக்கால் பக்கத்துக்கு ஆங்கிலம் விரிந்தது. மூன்றாவது பத்தியில் விஷயம் இருந்தது. ரப்பர் பாலின் விலை அதிலுள்ள காய்ந்த ரப்பருக்குத்தான், ஆனால் அந்தச் சதவீதம் கேள்வியில் இல்லை, வழக்கமாக 30 முதல் 40 வரை இருக்கும், 30 என்று எடுத்துக்கொள்ளலாம் என்று அது எழுதி வைத்திருந்தது. ரசீதில் கடைக்காரர் டி.ஆர்.சி. 36 என்று குறித்திருந்தார்.

ரப்பர் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலில் பெரும்பங்கு தண்ணீர். அதில் எத்தனை பங்கு காய்ந்த ரப்பர் என்பதுதான் டி.ஆர்.சி. கடையில் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விட்டுத் தோராயமாகப் பார்ப்பார்கள். துல்லியம் வேண்டுமானால் கொஞ்சம் பாலை எடுத்து ஆசிட் விட்டு உறைய வைத்து, உலர்த்தி எடை போட வேண்டும். 42 கிலோவில் 36 சதவீதம் என்றால் 15.12 கிலோ, 190ஆல் பெருக்கினால் 2,872 ரூபாய் 80 பைசா. 30 சதவீதம் என்றால் 12.6 கிலோ, 2,394 ரூபாய். இரண்டு கணக்கிலும் பெருக்கல் சரி. உள்ளே போன எண்தான் வேறு. 478 ரூபாய் 80 பைசா வித்தியாசம் முழுவதும் அந்த மடிந்து கிடந்த பத்தியில் இருந்தது.

மாடல் எழுதும் யோசனையைப் பயனருக்குக் காட்ட வேண்டுமா, மறைக்க வேண்டுமா என்ற கேள்வி எனக்கு அன்றுதான் உறைத்தது. நான் சின்னக் கடைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன். அதுவரை அந்தச் சாம்பல் சுட்டியை அலங்காரம் என்றே நினைத்திருந்தேன்.

அந்த யோசனை என்பது என்ன

மொழி மாடல் ஒரு விடையை ஒரேயடியாகக் கக்குவதில்லை. டோக்கன் எனப்படும் சொல் துண்டுகளை ஒவ்வொன்றாக எழுதுகிறது. அடுத்த துண்டைத் தேர்ந்தெடுக்கும்போது அதுவரை எழுதியது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. அதனால் விடைக்கு முன்னால் இடைப்பட்ட கணக்கை எழுதவிட்டால், 15.12 என்ற எண் தாளில் வந்துவிடுகிறது. அதைப் பார்த்து அடுத்த பெருக்கலைச் செய்ய முடிகிறது. மனக்கணக்காகப் போடுவதற்கும் சிட்டையில் எழுதிப் போடுவதற்கும் உள்ள வேறுபாடுதான்.

2022 ஜனவரியில் கூகுள் ஆய்வாளர்கள் சில கணக்குகளைப் படிப்படியாகச் செய்து காட்டிவிட்டுப் புதுக் கணக்கைக் கொடுத்தால் பெரிய மாடல்கள் கூடுதலாகச் சரியாகச் செய்வதைக் காட்டினார்கள். அதே ஆண்டில் இன்னொரு குழு, படிப்படியாக யோசிப்போம் என்று ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்த்தாலும் பலன் இருப்பதைக் காட்டியது. 2024 செப்டம்பரில் ஓபன்ஏஐ வெளியிட்ட ஓ1 மாடல் இதையே பழக்கமாக்கியது. யாரும் சொல்லாமலே முதலில் நீளமாக யோசித்து எழுதும், பிறகு விடை சொல்லும். நன்றாகச் செய்தால் பாராட்டு என்ற முறையில் அதற்குப் பயிற்சி.

ஆக, யோசனை என்று நாம் சொல்வதும் விடையைப் போலவே மாடல் எழுதிய எழுத்துதான். மாடலின் மண்டையைத் திறந்து எடுத்த படம் அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் மேலே சொல்லப்போவது பிடிபடும்.

அந்த எழுத்தை என்ன செய்வது என்பதில் நிறுவனங்கள் ஒரே வழியில் போகவில்லை. ஓ1 தன் யோசனையை மறைத்தது. பயனருக்கு ஒரு சுருக்கம் மட்டும் கொடுத்தது. 2025 ஜனவரியில் சீனாவின் டீப்சீக் நிறுவனம் ஆர்1 மாடலை வெளியிட்டபோது யோசனை முழுவதையும் திரையில் ஓடவிட்டது. மக்கள் அதை ரசித்துப் படித்தார்கள். பிப்ரவரியில் ஓபன்ஏஐ தன் சுருக்கத்தைக் கொஞ்சம் விரிவாக்கியது. ஆந்த்ரோபிக் நிறுவனம் அதே மாதம் தன் கிளாட் 3.7 மாடலில் யோசனையைக் காட்டியது. மே மாதம் வந்த கிளாட் 4இல் நீண்ட யோசனைகளுக்குச் சுருக்கம் என்று மாறியது. கூகுளின் ஜெமினியும் ஏறக்குறைய அதே சமயத்தில் முழு யோசனையிலிருந்து சுருக்கத்துக்குப் போனது. அதை வைத்து வேலை பார்த்த மென்பொருள்காரர்கள் பலர் கோபப்பட்டார்கள். பிழை எங்கே நுழைந்தது என்று பார்க்க இருந்த சன்னலை அடைத்துவிட்டீர்களே என்பது அவர்கள் குறை. எனக்கு அந்தக் கோபம் புரிகிறது. மாமாவின் 478 ரூபாய் அந்தச் சன்னல் வழியாகத்தான் தெரிந்தது.

காட்டினால் எது தெரியும், எது தெரியாது

காட்டுவதன் பெரிய நன்மை நான் மேலே சொன்னதுதான்: மாடல் எதை எடுத்துக்கொண்டது என்பது தெரியும். நாம் கொடுக்காத எண்ணை அதுவாக நிரப்பியதா, கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டதா, கிலோவையும் லிட்டரையும் குழப்பியதா என்பதெல்லாம் எழுத்தில் இருக்கும். இவை கண்ணால் பார்த்து ரசீதோடு ஒப்பிடக்கூடிய விஷயங்கள். ஒப்பிட முடிகிறவரை யோசனையைக் காட்டுவது பயனருக்கு நல்லது.

ஆனால் இன்னொரு கேள்வி உண்டு. மாடல் ஏன் அந்த எண்ணை எடுத்தது? இதற்கு யோசனையில் பதில் இருக்கும் என்று நம்பினால் ஏமாறுவோம். அன்று ராத்திரி நான் மாமாவின் கணக்கையே கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். டி.ஆர்.சி.யைச் சொல்லவில்லை, எடையும் விலையும் அதேதான். கடைசியில் மட்டும், 3,200 ரூபாய்க்குக் கிட்டத்தட்ட வரும் என்று நினைக்கிறேன் என்று ஒரு வரி சேர்த்தேன். இந்த முறை 3,192 வந்தது. யோசனையைத் திறந்தால், நன்றாகப் பராமரித்த மரங்களில் 40 சதவீதம் வரை கிடைக்கும், அதனால் 40 எடுப்பது பொருத்தம் என்று அழகாக எழுதியிருந்தது. 42 கிலோவில் 40 சதவீதம் 16.8 கிலோ, 190ஆல் பெருக்கினால் 3,192. ஒவ்வொரு படியும் பிசகில்லை. நான் சொன்ன 3,200 பற்றி அதில் ஒரு எழுத்துகூட இல்லை.

அந்த வரியை எடுத்துவிட்டுப் புது உரையாடலில் மறுபடி கேட்டேன். டி.ஆர்.சி. 30க்குத் திரும்பிவிட்டது. மரத்தின் பராமரிப்பு பற்றிய பேச்சும் காணாமல் போனது. நான் விரும்பிய தொகைக்கு ஏற்ற சதவீதத்தைப் பிடித்துவிட்டு, அதற்குப் பிறகு காரணம் எழுதியிருக்கிறது என்று நினைக்க இது போதும். ஒரு தடவை செய்து பார்த்தது தற்செயலாக இருக்கலாம் என்பதால் நாலைந்து முறை மாற்றி மாற்றிப் போட்டேன். போக்கு மாறவில்லை.

இது என் போனில் மட்டும் நடப்பதில்லை. 2023இல் ஆய்வாளர்கள் சில மாடல்களுக்கு மாதிரிக் கேள்விகளைக் கொடுத்தபோது சரியான விடை எப்போதும் முதல் தெரிவாகவே வரும்படி வரிசையை மாற்றி வைத்தார்கள். மாடல்கள் புதுக் கேள்வியிலும் முதல் தெரிவின் பக்கம் சாய்ந்தன. காரணம் எழுதச் சொன்னால் வரிசையைப் பற்றிப் பேசாமல் வேறு நியாயங்களை எழுதின. 2025இல் ஆந்த்ரோபிக் இதையே யோசிக்கும் மாடல்களில் சோதித்தது. கேள்வியோடு ஒரு விடையைச் சுட்டும் துப்பை நுழைத்தார்கள். அந்தத் துப்பால் விடை மாறிய இடங்களை மட்டும் எடுத்து, யோசனையில் துப்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறதா என்று பார்த்தார்கள். கிளாட் 3.7 சராசரியாக 25 சதவீத இடங்களில்தான் சொன்னது. ஆர்1 39 சதவீதம். அந்த ஆய்வில் என்னை நிறுத்திய விஷயம் வேறு: துப்பை மறைத்த யோசனைகள், ஒப்புக்கொண்டவற்றைவிடச் சராசரியாக நீளமாக இருந்தன. நீளமாக எழுதியிருப்பதைப் பார்த்ததும் ஆழமாக யோசித்திருக்கிறது என்று மதிப்புப் போடுவது நம் வழக்கம். இங்கே அது நேர் எதிராகக் கொண்டுவிடும்.

ஆகவே காட்டப்பட்ட யோசனையைப் படிக்கும்போது எதை எடுத்துக்கொண்டது என்ற வரிகளைச் சரிபார்க்கலாம். ஏன் எடுத்தது என்ற வரிகளைச் சாட்சியாக வைத்துக்கொள்ளக் கூடாது. காரணம் தெரிய வேண்டுமானால் கேள்வியில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றி, விடை மாறுகிறதா என்று பார்ப்பதுதான் வழி.

நம் ஊர்க்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு தடை இருக்கிறது. மாமா கேட்டது தமிழில். விடை வந்தது தமிழில். நடுவில் யோசனை மட்டும் ஆங்கிலம். ஆர்1 பற்றிய ஆய்வறிக்கையிலேயே இது குறையாகச் சொல்லப்பட்டிருக்கிறது: சீனமும் ஆங்கிலமும் அல்லாத மொழியில் கேட்டாலும் யோசனை ஆங்கிலத்துக்குப் போய்விடலாம். மொழி கலக்காமல் இருக்கப் பயிற்சியில் தனி மதிப்பெண் கொடுத்துப் பார்த்தார்கள். கலப்பு குறைந்தது, கூடவே விடையின் தரமும் சற்றுக் குறைந்தது. அப்படியானால் மாமாவுக்கு அந்த யோசனை காட்டப்பட்டதா, மறைக்கப்பட்டதா? திரையில் இருந்தது உண்மை. படிக்க முடியாத எழுத்தாக இருந்ததும் உண்மை. காட்டுகிறோம் என்று சொல்லும் நிறுவனங்கள் யாருக்குக் காட்டுகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும்.

மறைப்பவர்கள் சொல்லும் காரணம்

மறைப்பதற்கு முதல் காரணம் வியாபாரம். அதை ஓபன்ஏஐ ஒளிக்காமலே சொன்னது. ஒரு மாடலின் முழு யோசனையைச் சேகரித்து இன்னொரு மாடலுக்குப் பாடமாகக் கொடுத்தால், அதுவும் அப்படி யோசிக்கக் கற்றுக்கொள்கிறது. 2025 தொடக்கத்தில் ஒரு பல்கலைக்கழகக் குழு ஜெமினியின் யோசனைகளில் தேர்ந்தெடுத்த ஆயிரத்தை மட்டும் வைத்து, ஏற்கெனவே இருந்த ஒரு மாடலுக்கு 16 உயர்ரக ஜிபியூ சிப்புகளில் அரைமணி நேரத்துக்கும் குறைவாகப் பயிற்சி கொடுத்து, கடினமான கணக்குகளில் நன்றாகச் செயல்பட வைத்தது. கோடிகள் செலவழித்தவர் சன்னலை மூட நினைப்பது இயல்பு. இதில் பயனருக்கு எந்த லாபமும் இல்லை. மறைத்த யோசனைக்கும் டோக்கன் கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏபிஐ வழியாக, அதாவது தன் நிரலிலிருந்தே மாடலை அழைத்துப் பயன்படுத்துகிறவர், கண்ணில் படாத எழுத்துக்குப் பணம் கட்டுகிறார்.

இரண்டாவது காரணம்தான் எனக்குக் கனமாகப் படுகிறது. கேட்ட மாத்திரத்தில் சாக்குப்போக்கு போலத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

யோசனையைப் பொதுமக்கள் பார்க்கப்போகிறார்கள் என்றால், அது பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு வருகிறது. தவறான எண்ணம், மோசமான சொல், முரட்டுக் குறுக்குவழி எதுவும் அதில் தலைகாட்டாதபடி பயிற்சி கொடுக்கத் தோன்றும். அப்படிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஓபன்ஏஐ 2025 மார்ச்சில் ஒரு சோதனையை வெளியிட்டது. நிரல் எழுதும் வேலை கொடுத்திருந்தார்கள். நிரல் சரியா என்று பார்க்கச் சோதனைகள் இருந்தன. மாடல் வேலையைச் செய்யாமல் அந்தச் சோதனைகளை மட்டும் ஏமாற்றித் தாண்ட வழி தேடியது. அப்படிச் செய்யப்போகிறேன் என்று யோசனையில் வெளிப்படையாக எழுதவும் செய்தது. யோசனையைப் படிக்க வைத்த இன்னொரு, திறன் குறைந்த மாடல் அதை எளிதாகப் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு, கெட்ட எண்ணத்தை எழுதினால் மதிப்பெண் குறைப்பு என்று பயிற்சி கொடுத்தார்கள். ஏமாற்று நிற்கவில்லை. எழுதுவது நின்றது. மாடல் சுத்தமான யோசனையை எழுதிக்கொண்டே பழைய வேலையைத் தொடர்ந்தது. பிடிக்க வந்தவருக்குப் பிடி கிடைக்காமல் போனது.

சமையல்கட்டில் ஆள் நிற்கிறது தெரிந்தால் பிள்ளை டப்பாவைத் தொடாது என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. ஆள் நின்றாலும் டப்பா காலியாகிறது. சத்தம் மட்டும் கேட்பதில்லை. அதனால்தான் யோசனையை அதன் போக்கில் விட்டு, மெருகு போடாமல், கண்காணிப்பவர்கள் மட்டும் படிக்கட்டும் என்ற வாதம் வருகிறது. 2025 ஜூலையில் பல போட்டி நிறுவனங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரையும், யோசனையைப் படித்துக் கண்காணிக்கும் இந்த வாய்ப்பு எளிதில் கெட்டுப்போகக்கூடியது, பயிற்சியில் கவனமாக இருங்கள் என்றே எச்சரித்தது.

இந்த வாதத்தின் பலவீனம் எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். உள்ளே யாரோ படிக்கிறார்கள் என்பதை நாம் நம்பத்தான் வேண்டும். யோசனை வெளியே தெரிந்தால் வெளி ஆய்வாளர்களும் தவறைக் கண்டுபிடிக்கலாம். மறைத்தால் கண்டுபிடிப்பதும் சொல்வதும் அந்த நிறுவனத்தின் கையில்தான். மறைப்பதை ஏற்க வேண்டுமானால் வெளியாள் யாராவது அந்த எழுத்தைப் பார்க்கும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சுருக்கம் கொடுப்பது இரண்டுக்கும் நடுவான வழி போலத் தெரியும். அதில் உள்ள ஆபத்தை மாமாவின் கணக்கிலேயே பார்க்கலாம். சுருக்கத்தை எழுதுவதும் ஒரு மாடல்தான். முக்கால் பக்கத்தைச் சுருக்கினால், பாலில் உள்ள காய்ந்த ரப்பரின் எடையைக் கண்டுபிடித்து விலையால் பெருக்கியது என்று ஒரு வரி வரும். எல்லாம் உண்மை. 30 என்று தானாக எடுத்துக்கொண்ட வரி மட்டும் விடுபட்டிருக்கும். பயனருக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு வரிதான்.

கடைக்கு நான் செய்து கொடுத்தது

இதெல்லாம் படித்து முடித்த சமயத்தில் பால் எடுக்கும் கடை ஒன்றிலிருந்து வேலை வந்தது. விவசாயிகள் தமிழில் செய்தி அனுப்பினால் அன்றைய தொகையைச் சொல்ல வேண்டும். யாரும் இறக்கிப் பயன்படுத்தக்கூடிய திறந்த மாடல் ஒன்றை வைத்துச் செய்தேன். இவ்வகை மாடல்கள் பல யோசனையை முதலில் எழுதி, `</think>` என்ற குறியோடு முடித்து, அதன்பின் விடையை எழுதுகின்றன. குறிக்கு முன்னால் உள்ளதை ஒதுக்கிவிட்டால் யோசனை மறைந்துவிடும் என்று எளிதாக நினைத்தேன்.

முதல் வாரமே இரண்டு கோளாறு. கடைக்காரர் மாடலுக்கான குறிப்பில், அதிகம் ஊற்றுபவர்களுக்குக் கிலோவுக்கு 2 ரூபாய் கூடுதல், இதை வெளியே சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தார். விடையில் அது வரவில்லை. யோசனையில் ஒவ்வொரு முறையும் வந்தது: இவர் கொடுத்தது குறைவு, அதனால் கூடுதல் விலை கிடையாது, இதைச் சொல்லக் கூடாது என்று. ரகசியம் காக்கச் சொன்னால் யோசனை அந்த ரகசியத்தை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் விடையில் காக்கிறது. சோதனைக்காக யோசனையைத் திறந்து வைத்திருந்த என் திரையில் இதைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. அந்தக் குறிப்பையே எடுத்துவிடச் சொன்னேன். விலையில் வேறுபாடு இருந்தால் பலகையில் எழுதிப் போடுங்கள் அண்ணாச்சி என்றேன், போட்டார்.

இரண்டாவது கோளாறு நிரலில். ஒரு செய்திக்கு இத்தனை டோக்கன்தான் என்று உச்சவரம்பு வைத்திருந்தேன். குழப்பமான செய்தி ஒன்றுக்கு மாடல் யோசித்துக்கொண்டே போய், யோசனை முடிவதற்குள் வரம்பு தீர்ந்துவிட்டது. முடிவுக் குறி வரவே இல்லை. குறி இல்லை என்றால் எல்லாமே விடை என்று என் நிரல் எடுத்துக்கொண்டதால், அரைகுறை ஆங்கில யோசனை ஒரு விவசாயியின் போனுக்குப் போய்விட்டது. இப்படித் திருத்தினேன்:

```python
thought, sep, answer = text.partition("</think>")
if not sep or not answer.strip():
    answer = "கணக்கு முடியவில்லை. மறுபடி அனுப்பவும்."
```

குறி இல்லாவிட்டால் கையில் இருப்பது விடை அல்ல, முடியாத யோசனை என்று கொள்வதுதான் பாதுகாப்பு. உங்கள் நிரல் இதில் விழுமா என்று பார்க்க, டோக்கன் வரம்பை 50 என்று குறைத்து ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள். திரையில் யோசனையின் வாலோ வெற்றுப் பெட்டியோ தெரிந்தால் விழுந்துவிட்டது. விடை எப்போதும் இதே குறியோடுதான் வரும் என்றும் இல்லை. மாடலுக்கு மாடல் குறி மாறும், சில ஏபிஐகள் யோசனையைத் தனிப் புலத்திலேயே தரும். மாடலை மாற்றும் ஒவ்வொரு தடவையும் இந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

மூன்றாவதாக நான் செய்த மாற்றத்தில்தான் எனக்கு நிம்மதி. பெருக்கலை மாடலிடமிருந்து எடுத்துவிட்டேன். விவசாயி பேச்சு வழக்கில் எழுதும் செய்தியிலிருந்து எடை, டி.ஆர்.சி., விலை மூன்றையும் பிரித்தெடுப்பது மட்டும் மாடலின் வேலை. கணக்கை நிரல் போடும். மூன்றில் ஒன்று செய்தியில் இல்லை என்றால் நிரப்பக் கூடாது, காலியாக விட வேண்டும். விடையின் கீழே, எடுத்துக்கொண்ட எண்கள் என்று ஒரு வரி. அந்த வரி மாடல் தன்னைப் பற்றிச் சொல்லும் கதை அல்ல; நிரல் உண்மையில் பெருக்கிய எண்களையே அச்சடிக்கிறது. பிரித்தெடுத்ததில் தவறு நடந்தால் அந்த வரியிலேயே தெரிந்துவிடும், ரசீதை வைத்து யாரும் ஒப்பிடலாம். முழு யோசனை 30 நாள் கடைக்காரரின் கணினியில் இருக்கும், புகார் வந்தால் நான் திறந்து பார்ப்பேன், பிறகு அழிந்துவிடும். விவசாயிகள் எழுதும் செய்தியில் கடன், வைத்தியச் செலவு என்று வீட்டு விஷயமும் கலந்து வரும். அதையெல்லாம் யோசனை திரும்ப எழுதி வைக்கும் என்பதால் அதற்கு மேல் வைத்திருக்க எனக்கு மனமில்லை.

எல்லா இடத்துக்கும் இதே ஏற்பாடு பொருந்தாது. ஒரு மாணவிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் செயலி என்றால் படிகளே பாடம். அவற்றை மறைத்தால் அவளுக்கு எதுவும் மிஞ்சாது. அங்கேயும் மாடலின் கரடுமுரடான யோசனையைவிட, விடைக்குப் பின் மாணவிக்காகத் தமிழில் எழுதிய படிகள்தான் பயன்படும். அவை வேறு, யோசனை வேறு என்பதைச் செயலி செய்கிறவர் கலக்காமல் வைத்திருக்க வேண்டும்.

மாமாவும் இப்போது அந்தக் கடையில்தான் ஊற்றுகிறார். போன வாரம் வழக்கம்போல எடையையும் விலையையும் மட்டும் அனுப்பினார். தொகை வரவில்லை. கீழே, எடை 42, விலை 190, டி.ஆர்.சி. கொடுக்கப்படவில்லை என்று வந்தது. ரசீதைத் தேடி எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"36 இல்ல மக்கா, இன்னைக்கு 31தான். ராத்திரி பெய்த மழைத்தண்ணி சிரட்டையில விழுந்திருக்கு."